ஜிம் படிவத்தில் வெட்டுப்பட்ட மூன்றெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் யீஷூனில் வசிக்கும் நான், அலுவலக எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆங்கிலக் கடிதம், படிவம் என்று எது வந்தாலும் உறவினர்கள் அதைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்பார்கள். நானும் பெருமையாகவே படித்துச் சொல்லி வந்தேன். சென்ற ஆண்டு என் அக்கா மகனுக்கு அப்படிச் சொன்ன ஒரு வரியால் அவனுக்கு 1,176 வெள்ளி கடன் வரப் பார்த்தது.

அவன் ஜூரோங் வெஸ்ட்டில் வாடகை அறையில் தங்கி வேலை பார்க்கிறான். 2024 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் மாதம் 98 வெள்ளிக்கு 12 மாத உறுப்பினராகச் சேர்ந்திருந்தான். கையெழுத்து வாங்கியதும் முகப்பில் இருந்தவர், "போட்டோ எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் படிவத்தை உள்ளே வைத்துக்கொண்டார். பையனிடம் மிஞ்சியது இரண்டு படங்கள்தான். ஒன்று முன்பக்கம். இன்னொன்று பின்பக்கம், வெளிறிய சாம்பல் எழுத்தில் இரண்டு பத்தியாக நெருக்கி அச்சடித்தது. அதைச் சற்றே சாய்த்துப் பிடித்திருந்ததால் வலது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒரு மாதம் உறுப்பியத்தை நிறுத்தி வைத்தான். அந்த மாதம் கட்டணம் இல்லை, ஆனால் ஒப்பந்தம் ஒரு மாதம் நீளும். ஆக முடியும் நாள் 2025 மார்ச் 31 அல்ல, ஏப்ரல் 30. இதை அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

பிப்ரவரியில் படத்தை எனக்கு அனுப்பி, "மாமா, இதோட நிறுத்திக்கணும்னா எப்பச் சொல்லணும்?" என்று கேட்டான். பெரிதாக்கிப் பார்த்தேன். நிறுத்தச் சொல்லாவிட்டால் இன்னொரு 12 மாதம் தானாகவே புதுப்பிக்கப்படும் என்றும், நிறுத்துவதை முடியும் தேதிக்கு முன் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் இருந்தது. எத்தனை நாளுக்கு முன் என்ற இடத்தில், ஒரு வரி ஓரத்தில் முடிந்து, அடுத்த வரி '30 நாளுக்குக் குறைவான' என்ற பொருள் தரும் சொற்களோடு தொடங்கியது. "கடைசி 30 நாளுக்குள்ள சொல்லணும்பா" என்று பதில் போட்டேன்.

பையன் மார்ச் 20ஆம் தேதியே செய்தியை எழுதி வைத்துவிட்டான். நான் சொன்ன பேச்சைக் கேட்டு, முன்கூட்டி அனுப்பினால் செல்லாதோ என்று காத்திருந்து, ஏப்ரல் 10ஆம் தேதி மின்னஞ்சலில் அனுப்பினான். மறுநாள் பதில் வந்தது. அவகாசம் போதவில்லை, மே முதல் தேதியிலிருந்து ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டுவிடும், இடையில் விலக வேண்டுமானால் மீதித் தொகையில் பாதி, அதாவது 588 வெள்ளி கட்ட வேண்டும் என்றார்கள்.

இரு பக்கமும் முழுதாக நகல் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. படத்தில் வெட்டுப்பட்ட ஓரத்தில் ஆங்கிலத்தில் 'நாட்' என்ற மூன்றெழுத்து இருந்திருக்கிறது. '30 நாளுக்குக் குறையாத' அவகாசம் என்பது மூல வாசகம். அதாவது மார்ச் 31ஆம் தேதிக்குள் கடிதம் அவர்கள் கையில் இருந்திருக்க வேண்டும். கடைசி 30 நாள் என்பது சொல்ல வேண்டிய காலம் அல்ல, அது தொடங்கும் முன்பே கதவு அடைபட்டுவிடுகிறது.

எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். அறிவிப்புக் காலம் என்பதே நிறுவனத்துக்கு அவகாசம் தருவதற்காக வைப்பது. அதைக் 'குறைந்தது இத்தனை நாள்' என்றுதான் எழுதுவார்கள். 'இதைவிடக் குறைவாக' என்று எந்த நிறுவனமும் கேட்காது. படித்த வாசகம் இப்படித் தலைகீழாக இருந்தால் படத்தைச் சந்தேகிக்க வேண்டும். எல்லா வரியும் ஒரே ஓரத்தில் அறுந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப் பொடி எழுத்து குழம்பும், ஆவணமாக அனுப்பினால் எடுத்தபடியே வரும் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பையன் பதற்றத்தில், வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகக் கட்டணம் எடுக்கும் ஜைரோவை வங்கிச் செயலியில் ரத்து செய்துவிட்டு, "முடிஞ்சுது மாமா" என்றான். முடியவில்லை. ஜைரோவை நிறுத்தினால் பணம் எடுப்பதுதான் நிற்கும். ஒப்பந்தம் அப்படியேதான் இருக்கும். மே மாதக் கட்டணம் பாக்கி என்று தாமதக் கட்டணத்தோடு கடிதம் வந்தது. ஐந்து நாளுக்குள் எந்த ஒப்பந்தத்தையும் ரத்து செய்யலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னதும் இங்கே உதவாது. அந்தச் சட்டப்படியான உரிமை, அழைக்காமல் வீடு தேடி வந்து விற்பது, டைம்ஷேர் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே. நாமாக நடந்து போய்ச் சேர்ந்த ஜிம்முக்கு இல்லை.

பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வணிகச் சட்டத்தில் எங்களுக்குப் பயன்பட்டவை இரண்டு இடங்கள். முக்கியமான ஒரு விவரத்தைப் பொடி எழுத்தில் மறைப்பது நியாயமற்ற செயல் என்று அதன் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. பேரத்தின் தன்மையையோ மொழியையோ விளைவையோ ஒருவரால் புரிந்துகொள்ள முடியாது என்று தெரிந்தும் அதைச் சாதகமாக்கிக்கொள்வதும் அப்படித்தான் என்கிறது நான்காம் பிரிவு. மொழி என்ற சொல்லே அங்கு இருக்கிறது. ஆனாலும் பொடி எழுத்து என்பதற்காகவே ஒரு நிபந்தனை செல்லாமல் போய்விடாது. படிக்காமல் கையெழுத்திட்டாலும் கையெழுத்து கையெழுத்துதான். நமக்கிருந்த பிடி, முன்பக்கத்தில் 12 மாதம் என்று பெரிதாகப் போட்டு, தானே நீளும் என்பதைப் பின்பக்கத்தில் மட்டும் போட்டிருந்ததும், நகல் தராமல் அனுப்பியதும்தான்.

அதை ஒரே பக்கத்தில் எழுதி, மார்ச் 20ஆம் தேதி எழுதி அனுப்பாமல் வைத்திருந்த செய்தியையும் இணைத்து மேலாளருக்கு அனுப்பினோம். ஒத்துவராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்துக்கும், பிறகு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கும் போவதாகக் குறிப்பிட்டோம். அங்கே 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டும் கட்டணம் 10 வெள்ளிதான், வழக்கறிஞரும் வரக் கூடாது. மூன்று வாரம் கழித்து, மே மாதத்து 98 வெள்ளியை மட்டும் வாங்கிக்கொண்டு விடுவித்தார்கள். வழக்குக்குப் போயிருந்தால் வென்றிருப்போமா என்று என்னால் சொல்ல முடியாது. அந்த 98 வெள்ளியை நான்தான் கொடுத்தேன், பையன் வாங்க மறுத்தான், அக்கா திட்டிய பிறகு வாங்கிக்கொண்டான்.

இத்தகைய நிறுவனங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். 'இத்தனை நாளுக்குக் குறையாமல்' என்று எழுதுவதை விட்டு, முன்பக்கத்தில் கையெழுத்துக் கோட்டுக்கு நேர் மேலே ஒரு தேதியை எழுதுங்கள்: நிறுத்துவதாக இருந்தால் எங்களுக்குச் சொல்ல வேண்டிய கடைசி நாள், 1-3-2025. உறுப்பியம் ஒரு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டால் புதிய தேதியைக் குறுஞ்செய்தியில் அனுப்புங்கள். தேதியைத் தப்பாக மொழிபெயர்க்க என்னாலும் முடியாது.

இப்படிக்கு,
யீஷூன் வாசகர்