கிலோமீட்டரை மட்டும் காட்டி விலை சொல்லாதீர்கள்: நெல்லைப் பழைய கார் வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரத்தில் பழைய கார்களை வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் தரகர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் என் மகளுக்குக் கார் பார்க்க வந்தபோது, ஒரே மாடலில் இரண்டு பெட்ரோல் வண்டிகள் அருகருகே நின்றன. ஒன்று 2018-இல் பதிவாகி ஏழு ஆண்டுகளில் 24,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியது. மற்றது 2022-இல் பதிவாகி 92,000 ஓடியது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான். "கம்மி ஓட்டம் அண்ணாச்சி, பெரியவர் ஒருத்தர் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் எடுத்த வண்டி" என்று சொல்லி, முதல் வண்டியையே என் கையில் கொடுக்கப் பார்த்தார்கள்.

அந்த வண்டியின் டயரில் பட்டன் நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கச் சுவரில் 0718 என்ற நான்கு இலக்கங்கள் தெரிந்தன; 2018-ஆம் ஆண்டின் ஏழாவது வாரத்தில் தயாரானது என்று அதற்குப் பொருள். விரலால் அழுத்திப் பார்த்தபோது ரப்பர் இறுகிப்போய், மயிரிழை போன்ற வெடிப்புகள் வட்டமாக ஓடியிருந்தன. வெயிலில் நின்றே முதுமையடைந்த டயர் அது. பட்டன் மிச்சமிருக்கிறது என்பதற்காக அதை நம்பி நாற்கரச் சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் என் மகளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து சர்வீஸ் பில்களைக் கேட்டேன். ஏழு ஆண்டுகளுக்கு மூன்றுதான் இருந்தன. "24,000-க்கு மூணு சர்வீஸ் சரிதானே" என்றார்கள். கிலோமீட்டர் கணக்கில் அது சரி. ஆண்டுக் கணக்கில் நான்கு சர்வீஸ் விட்டுப்போயிருக்கிறது. பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முன்னால் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்று அந்த வண்டியின் கையேட்டில் எழுதியிருப்பது காரணத்தோடுதான். மூன்று நான்கு கிலோமீட்டர் போய் நின்றுவிடும் வண்டியின் என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதேயில்லை. அதனால் உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. பிரேக் ஆயிலும் அப்படித்தான்: வண்டி ஓடினாலும் நின்றாலும் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஈரம் கூடக் கூட அதன் கொதிநிலை இறங்கி, மலையிறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதிக்கும்போது பெடல் பஞ்சுபோல உள்ளே போய்விடக்கூடும். அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். இந்த வண்டியில் அது தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது.

இரண்டாவது வண்டி, வேலை நிமித்தம் மதுரைக்கு அடிக்கடி போய்வந்த ஒருவருடையது. ஒன்பது பில்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்தாயிரம் இடைவெளியில், தேதியும் கிலோமீட்டரும் முறையாக ஏறிக்கொண்டே வந்தன. பானட்டில் கல்தெறித்த புள்ளிகள் இருந்தன. முன் ஷாக் அப்சார்பர்கள் தளர்ந்திருந்தன. எங்கள் மெக்கானிக் மாற்றச் சொன்னார். ஆனால் நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓடிய வண்டி என்பதால் கிளட்ச் இன்னும் பிடிப்போடு இருந்தது. இதே 92,000 கிலோமீட்டரை டவுன் ரதவீதி நெரிசலில் ஓட்டியிருந்தால், நான் அந்த வண்டியைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

என் மகள் ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டப்போவதில்லை. இன்னும் நான்கு ஆண்டு கழித்து விற்றால், 2022 வண்டிக்கு வயது ஏழு, ஓட்டம் 1,12,000. 2018 வண்டிக்கோ வயது பதினொன்று, ஓட்டம் 44,000, பதினைந்து ஆண்டுப் பதிவில் மிச்சம் நான்கே ஆண்டு. குறைவாக ஓட்டுகிறவர் கையில், அதிகம் ஓடிய வண்டியின் ஆண்டுச் சராசரி ஓட்டம் ஆண்டுதோறும் இறங்கும். வயதை யாராலும் இறக்க முடியாது. இரண்டாவது வண்டியையே வாங்கினோம்.

குறைந்த ஓட்டத்து வண்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிழலில் நின்று, மாதம் இருமுறையாவது திருச்செந்தூர் வரை போய்வந்து, ஓட்டம் குறைவானாலும் ஆண்டுதோறும் ஆயில் மாற்றிய பில்களோடு அதே 2018 வண்டி வந்திருந்தால், கூடுதல் விலை கொடுத்து அதைத்தான் வாங்கியிருப்பேன்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். கண்ணாடியில் ஒட்டும் அட்டையில் ஆண்டையும் கிலோமீட்டரையும் எழுதுகிறீர்கள். அவற்றின் கீழே டயரின் நான்கு இலக்கங்கள், கடைசியாக என்ஜின் ஆயிலும் பிரேக் ஆயிலும் மாற்றிய தேதி, பேட்டரி வாங்கிய மாதம், மொத்தம் எத்தனை சர்வீஸ் பில்கள் இருக்கின்றன என்பவற்றையும் எழுதி ஒட்டுங்கள். பில் இல்லையென்றால் இல்லை என்றே எழுதி, அதற்கேற்ப விலையைக் குறைத்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்