50 மெகாபிக்சல் விதியை நீக்குங்கள்: புகைப்படப் போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். நாகர்கோவிலில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். படங்களை அச்சிட்டும் தருகிறேன். நம் மாவட்டக் கடற்கரைகளைச் செல்பேசியில் படம் பிடிக்கும் உங்கள் போட்டியில், 50 மெகாபிக்சலுக்குக் குறைந்த படங்கள் ஏற்கப்படமாட்டா என்று விதித்திருக்கிறீர்கள். என்னிடம் படமெடுக்கப் பழகும் கல்லூரி மாணவி ஒருத்தியின் படம் அந்த விதியால் பார்க்கப்படாமலேயே திரும்பிவிட்டது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அவள் சின்னமுட்டம் துறைமுகத்தில், விடிவதற்கு முன், கட்டிக்கிடந்த விசைப்படகுகளை எடுத்தாள். ஒரே இடம், ஒரே போன், இரண்டு படங்கள். ஒன்று போன் வழக்கமாகத் தரும் 12.5 மெகாபிக்சல் படம். மற்றது 50 மெகாபிக்சல் என்று தேர்ந்தெடுத்து எடுத்தது. முதல் படத்தில் படகின் பதிவெண்ணை வாசிக்கலாம். வலைக்குவியலில் நீல நூலும் பச்சை நூலும் தனித்தனியே தெரிகின்றன. இரண்டாவதில் வலை சேறாகக் கலங்கியிருக்கிறது; நிழலெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் பொடி தூவினாற்போல் புள்ளிகள். உங்கள் விதிப்படி தகுதி பெறுவது இரண்டாவது படம்!

ஏன் இப்படி ஆகிறது? அந்தப் போனில் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் சுமார் 8.2 மில்லிமீட்டர் நீளமும் 6.1 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது; சுண்டுவிரல் நகத்தளவுதான். கல்யாண வீடுகளுக்கு நான் கொண்டுபோகும் ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் பரப்பில் இதைப்போல் 17 மடங்கு. அந்த நகத்தளவு இடத்தில் 5 கோடி பிக்சல்களை அடைத்தால் ஒவ்வொன்றின் அகலமும் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

தூறலில் முற்றத்தில் சிறு கிண்ணங்களை வைத்துப் பாருங்கள். ஒன்றில் 20 துளி விழும், பக்கத்துக் கிண்ணத்தில் 30 விழும். ஒளியும் இப்படித்தான் சீரில்லாமல் விழுகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 25 ஒளித்துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 5, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அருகருகே உள்ள நான்கைச் சேர்த்து ஒன்றாகக் கணக்கிட்டால் 100 துகள்கள். ஏற்ற இறக்கம் 10, பத்தில் ஒரு பங்குதான். நிழலில் தெரியும் புள்ளிகள் பாதியாகின்றன. இதுதான் பிக்சல் பின்னிங். நான்கை ஒன்றாக்குவதால்தான் 50 என்பது 12.5 ஆகிறது. படம் அதனால் குறைபட்டுவிடவில்லை.

இந்தச் சென்சார்களின் அமைப்பே அதற்கானது. சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் ஒவ்வொரு பிக்சலுக்கும் மாறிமாறி வருவதில்லை. நான்கு பிக்சல்கள் கொண்ட கட்டத்துக்கு ஒரே நிறம். 50 மெகாபிக்சலில் எடுக்கும்போது, இடையில் இல்லாத நிறங்களை மென்பொருள் ஊகித்து நிரப்ப வேண்டும். வெளிச்சம் குறைந்தால் அந்த ஊகம் தடுமாறும். வலைக் கண்ணி, ஓட்டுக்கூரை போன்ற நெருக்கமான கோடுகளில் இல்லாத நிறம் தோன்றுவது அதனால்தான்.

அடுத்தது மென்பொருள். வழக்கமான படத்துக்குப் போன் ஒரு முறை மட்டும் ஒளியைப் பதிவுசெய்வதில்லை. அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, கை நடுக்கத்தைச் சரிசெய்து பொருத்தி, ஒன்றாக்குகிறது. ஒன்பது படங்கள் சேர்ந்தால் புள்ளிகள் மூன்றில் ஒன்றாகக் குறையும். பல போன்களில் 50 மெகாபிக்சலைத் தேர்ந்தால் இந்தச் சேர்ப்பு இல்லாமல்போகிறது, அல்லது குறைந்துவிடுகிறது. சேர்ப்புக்கும் எல்லை உண்டு: அலை நுரையும் பறக்கும் பறவையும் படத்துக்குப் படம் இடம் மாறுவதால் அங்கே சேர்க்க முடியாமல் புள்ளிகள் மிஞ்சும், அல்லது நீர் மெழுகுபோல் வழவழப்பாகும். மாணவியின் படத்திலும் வலது ஓரத்து அலையில் அது இருக்கிறது.

நண்பகல் வெயிலில், அசையாத திருவள்ளுவர் சிலையை எடுத்தால் 50 மெகாபிக்சலில் கல் இணைப்புகள் சற்றுக் கூடுதலாகத் தெரியும். ஆனால் நான்கு மடங்கு தெரியாது. எஃப் 1.8 திறப்புள்ள லென்ஸ் வழியே வரும் பச்சை ஒளியின் ஒரு புள்ளியே சென்சாரில் சுமார் 2.4 மைக்ரான் அகலத்துக்குப் பரவுகிறது. ஒரு மைக்ரான் பிக்சலுக்கு அதற்குமேல் பிரித்துக்காட்ட என்ன இருக்கிறது?

பரிசுப் படங்களை ஏ3 அளவில் அச்சிடப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். 12.5 மெகாபிக்சல் படத்தின் நீளம் 4096 பிக்சல். ஏ3 தாளின் நீளம் 16.5 அங்குலம். அங்குலத்துக்கு 248 பிக்சல் கிடைக்கும். சுவரில் மாட்டிப் பார்க்கும் படத்துக்கு அது தாராளம். தவிர, எந்தப் படத்தையும் மென்பொருளில் இழுத்துப் பெரிதாக்கி 50 மெகாபிக்சல் என்று அனுப்பிவிடலாம். உங்கள் விதி அதைத் தடுக்காது.

ஆகவே நீளப் பக்கம் 4000 பிக்சல் இருந்தால் போதும் என்று விதியை மாற்றுங்கள். போனிலிருந்து வந்த மூலக்கோப்பையே கேளுங்கள். திருப்பி அனுப்பிய படங்களை மீண்டும் வரவழையுங்கள். அந்த இரண்டு படங்களையும் ஏ3 அளவில் அச்சிட்டு இம்மடலோடு அனுப்பியிருக்கிறேன். எது எத்தனை மெகாபிக்சல் என்று பின்புறம் எழுதியிருக்கிறது. முதலில் இரண்டையும் சுவரில் மாட்டிப் பாருங்கள், பிறகு திருப்புங்கள்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரர்