உமிக்குள்ள கனிஞ்ச நெருப்பை அணைக்க ஓடி வந்த எல்லாருக்கும் நன்றிங்க

காங்கேயத்துப் பக்கம் எங்க ரைஸ் மில்லுல போன ஆடி மாசம் உமி குவியல் பத்திக்கிச்சுங்க, அன்னைக்கு வந்து நின்னவங்க எல்லாருக்கும் நேர்ல சொன்னது பத்தலைன்னு இப்ப இங்க எழுதறேன்.

தப்பு எங்க மேலதான், அதை முதல்லயே சொல்லிடறேன். 1 டன் நெல்லு அரைச்சா சுமாரா 200 கிலோ உமி வரும், அதுல ஒரு பங்கு நெல்லு வேகவைக்கற பாய்லருக்கே போயிடும், மீதி கொல்லையில மலையாட்டம் நிக்கும். சனிக்கிழமை சாயங்காலம் பாய்லர் சாம்பலை வாரி அந்தக் குவியல் அடியிலயே கொட்டிட்டாங்க, தனியா சாம்பல் குழி வெட்டி வைக்காதது நாங்கதான். மேல பாத்தா கருப்பா ஆறின மாதிரி இருந்துச்சு, உள்ள கங்கு இருந்திருக்கு. உமி எரிஞ்சா அஞ்சுல ஒரு பங்கு சாம்பலாவே நின்னுக்கும், அந்தச் சாம்பல் போர்வை மாதிரி மூடிக்கிட்டு சூட்டை வெளிய விடாது, நீறு பூத்த நெருப்புன்னு சொல்றது அப்படியே இதுதான். 3 நாளு ஒரு பொகை கூட தெரியலைங்க.

புதன்கிழமை விடியக்காலை களத்துல நெல்லு தள்ள வர்ற அக்காதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. ராத்திரி சாரல் அடிச்சு குவியல் முழுக்க ஈரமா இருந்துச்சு, ஒரே ஒரு இடம் மட்டும் பாய் விரிச்ச அகலத்துக்கு காஞ்சு வெளுத்து கொஞ்சம் உள்வாங்கி இருந்துச்சு, கருகின வாசம் வேற. அக்கா, நீங்க அதைப் பாத்துட்டு சும்மா போயிருந்தா இந்த லெட்டரே இல்லைங்க.

நான் என்ன பண்ணேன்னா ஏறிப் பாக்கச் சொல்லி பையனை அனுப்பப் போனேன். பக்கத்து மர மில் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கத்துனாரு, ஏறாதே ஏறாதே, உள்ள வெந்து பொந்தா இருக்கும்னு. நீளமான கம்பியை சொருகிப் பாத்தோம், முக்கால் ஆள் ஆழம் வரைக்கும் முட்டு முட்டா போன கம்பி சடார்னு வழுக்கிட்டு இறங்குச்சு, உருவினப்போ நுனியை கையில தொட முடியல. அந்தப் பையன் ஏறியிருந்தான்னா... அண்ணா, உங்க குரலுக்கு நான் எப்படி கைமாறு செய்யப் போறேன்னு தெரியல.

அதுக்கப்புறம் இன்னொரு தப்பு, ஹோஸை எடுத்து வேகமா அடிச்சோம். உமி மேல தண்ணி நிக்காதுங்க, வழிஞ்சு ஓடிடும், அடிச்ச வேகத்துல குவியல் மேல ஓடு மாதிரி மூடியிருந்தது உடைஞ்சு உள்ள காத்து போய் குப்புனு பிடிச்சுக்கிச்சு. பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற ஆடிக் காத்து உங்களுக்கே தெரியும். கங்கெல்லாம் கிளம்பி கிழக்கால பறந்துச்சு, அங்கதான் அண்ணனோட மரத்தூள், அதைத் தாண்டி தேங்காய்க் களம்.

101க்கு போன் பண்ணி வந்த தீயணைப்பு அண்ணன்மாருங்க முதல்ல செஞ்சதே அந்த ஹோஸை நிறுத்துனதுதான். மேக்கால, காத்துக்கு முதுகு காட்டி நின்னு, பூத்தூறல் மாதிரி தண்ணி விட்டுட்டே ஜேசிபி டிரைவர் தம்பியை ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா அரிஞ்சு எடுக்கச் சொன்னாங்க. எடுத்ததை சிமெண்ட் களத்துல சாண் உயரத்துக்கு மேல போகாம பரப்பி, கிளறி, மருந்தடிக்கிற டேங்க்ல சோப்புத் தண்ணி கலந்து அடிச்சோம், சோப்பு சேந்தா தண்ணி உமிக்குள்ள இறங்குதுங்க, அதை என் கண்ணால பாத்தேன். தண்ணி லாரி விட்ட பக்கத்து மில்காரங்க, ஒரு வாடகை கூட வாங்கல.

தேங்காய்க் களத்துக் குடும்பம் கொப்பரையை அள்ளிட்டு, நனைச்ச சாக்கை தூக்கிட்டு எங்க பக்கம் ஓடி வந்தாங்க. மரத்தூளுக்கு தார்ப்பாய் போத்திதான் வெச்சிருந்தோம், இருந்தும் சாயங்காலம் 4 மணிக்கு ஓரத்துல ஒரு தோசை அளவுக்கு கருப்பு வட்டம், சுத்தி மெல்லிசா பழுப்பு விளிம்பு, தீயே இல்ல, பொகை கூட குனிஞ்சு மோந்து பாத்தாத்தான் தெரியும். அண்ணன் மகன்தான் பாத்தான். அந்த இடத்தை கையகலம் அதிகமாவே தோண்டி தண்ணி டிரம்முல போட்டான். அது ராத்திரி கவனிக்காம விட்டிருந்தா காலையில மர மில்லே இருந்திருக்காதுங்க.

வண்டி போனப்பறமும் 2 ராத்திரி கம்பியோட காவல் இருந்தோம், 2வது ராத்திரி மறுபடியும் ஒரு இடத்துல கம்பி சுட்டுச்சு. கூடவே முழிச்சிருந்த லோடுமேன் தம்பிங்களுக்கும் டீ போட்டுக் குடுத்த பெரியம்மாவுக்கும் நன்றி.

சாம்பல் குழி கிழக்கு மூலையில, குவியலுக்கு காத்து போற பக்கமா, தள்ளி வெட்டியாச்சு. தார்ப்பாய் குடுத்தவங்க யாருன்னு தெரியல, நீலக் கலர்ல 2 எங்ககிட்ட இருக்கு, ஒன்னுல கங்கு விழுந்து ஓட்டை ஆயிடுச்சு, வந்து சொல்லுங்க, புதுசு வாங்கி வெச்சிருக்கேன்.