தம்பிக்கு, அந்த அலாரம் பற்றி

தம்பி ராசா,

நேற்று நீ போன்ல சொன்னதைக் கேட்டு எனக்கு நித்திரையே வரேல்ல. காலமை கம்ப்யூட்டருக்கு முன்னால இருந்தனீ நிமிர்ந்து பாக்கேக்க வெளியில இருட்டிப்போச்சாம், சாப்பாடும் இல்லை, டொக்டரிட்ட போற அப்பொய்ன்மென்டும் போச்சு. அலாரம் வச்சனான் அம்மா, அடிச்சதே தெரியாது எண்டாய். நான் நம்புறன். எனக்கும் தையல் மெஷினில இருந்தா அதே கதைதான்.

இஞ்ச பால் எடுக்கிற வண்டி 7 மணிக்கு வந்திடும். விடிய 5 மணிக்கு சட்டை தைக்க இருந்தன் எண்டா மாடு கத்துறதும் காதில விழாது, ரெண்டு தரம் பால் கறக்காமலே வண்டி போட்டுது. 6:30க்கு அலாரம் வச்சுத்தான் இருந்தன், ஆனா போன் மடிக்குப் பக்கத்தில, கை தன்ர பாட்டுக்கு அதை நிப்பாட்டிப்போட்டு இந்தத் தையலை மட்டும் முடிப்பம் எண்டு திரும்பத் துடங்கும்.

பிறகு பின்னால இருந்து கணக்குப் பாத்தன். வண்டி 7, கறக்க 25 நிமிசம், கைகால் கழுவ 5, அப்ப 6:30க்கு நான் எழும்பி நிக்கோணும். இப்ப ரெண்டு அலாரம். 6:15க்கு அடிக்கிறது எழும்பச் சொல்லி இல்லை, புதுசா ஒண்டும் துடங்காம அடுத்தது எங்க தைக்கோணும் எண்டு சோக்கால துணியில கோடு போட்டு வைக்க. விட்ட இடம் மறந்திடும் எண்ட பயத்திலதான் எங்களுக்கு எழும்ப மனம் வாறேல்ல, நீயும் அதை ஒரு துண்டில எழுதி வை. 6:30க்கு அடிக்கிறது குசினியில, தகரத் தட்டுக்கு மேல இருக்கு, நடந்து போனாத்தான் நிப்பாட்டலாம். ஒரே சத்தம் எண்டா கொஞ்ச நாளில காது பழகிடும், இடைக்கிடை மாத்து.

அக்கா வாங்கித்தந்த சிவப்புத் தட்டு மணிக்கூடும் உதவி. சுத்தி விட்டா 60 நிமிசத்தில சிவப்பு குறைஞ்சு குறைஞ்சு இல்லாமப் போயிடும், நேரத்தைக் கணக்குப் பாக்கத் தேவையில்லை, எவ்வளவு மிச்சம் எண்டு கடைக்கண்ணுக்கே தெரியும். முதல்ல முதுகுக்குப் பின்னால சுவரில கொழுவி ஒரு பிரயோசனமும் இல்லை, இப்ப ஊசிக்குப் பக்கத்தில. நீயும் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில தனியா வை, போனில வேண்டாம், ஸ்கிரீன் அணைஞ்சா சிவப்பும் மறைஞ்சிடும், நேரம் பாக்க எடுத்தா வேற எதுக்கோ போயிடுவாய்.

ஆனா ராசா, அலாரத்தை நிப்பாட்டலாம், பால் வண்டியை நிப்பாட்டேலாது. உன்ர நாளிலயும் வேற ஆள் பிடிச்சு வைக்கிற நேரம் ஒண்டு வேணும். உனக்கு மத்தியானம் 12 எண்டா இஞ்ச இரவு 9:30, நவம்பரில உங்கட மணிக்கூட்டை மாத்தினாப் பிறகு 10:30. ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு நான் கூப்பிடுவன். 11:45க்கு உன்ர முதல் அலாரத்தை வை. நான் எடுக்கேக்க கதிரையில இருக்கக்கூடாது, சாப்பாட்டுக் கோப்பையோட குசினியில நிண்டு கதை, வீடியோவில பாப்பன்.

அம்மா