'கூறப்படும்' எங்கே நிற்க வேண்டும்?

ஆசிரியருக்கு,

காசாளர் ஒருவரின் கைது பற்றிய நேற்றைய செய்தியில், 'பணத்தைக் கையாடல் செய்து, கைது செய்யப்பட்டதாகக் கூறப்படும் காசாளர்' என்று ஒரு தொடர் இருந்தது. கைது என்பது ஆவணத்தில் பதிவான நிகழ்வு; அதற்கு ஐயச்சொல் தேவையில்லை. இன்னும் நிரூபிக்கப்படாதது கையாடல்தான். அதுவோ 'செய்து' என்ற எச்சத்தில் நடந்து முடிந்த உண்மையாகிவிட்டது. 'கையாடல் செய்ததாக நிறுவனம் அளித்த புகாரின்பேரில் காசாளர் கைது செய்யப்பட்டார்' என்று எழுதியிருந்தால், குற்றச்சாட்டு யாருடையது என்பதும் விளங்கியிருக்கும். புகார் மனு கையில் இருக்கும்போது, சொன்னவரை மறைக்கும் 'கூறப்படும்' எதற்கு? வெறும் சோம்பல்.

இரண்டாம் பத்தி 'புகாரின்படி' என்று முறையாகத்தான் தொடங்கியது. ஆனால் அடுத்த வாக்கியமே, 'அவர் போலி ரசீதுகள் தயாரித்தார்' எனச் செய்தியாளரின் சொந்தக் கூற்றாக மாறிவிட்டது. தமிழில் 'என்று புகார் கூறுகிறது' என்பது பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருவதால், இடத்துக்காகச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான்; மெய்ப்புப் பார்ப்பவர்கள் இதை அடிக்கடி காண்கிறோம். வரிக்கு வரி திருப்பிச் சொல்லவும் வேண்டாம்: 'ரசீதுகள் போலியானவை என்றும், கணக்கேடு திருத்தப்பட்டது என்றும் புகார் கூறுகிறது' என ஒரே வினைக்குள் அடக்கலாம். செய்தியைச் சுருக்கிய பிறகு, ஒவ்வொரு வினைமுற்றிலும் நின்று 'இதைச் சொல்வது யார்?' எனக் கேட்டு, விடை கிடைக்காத வாக்கியங்களை மூல ஆவணத்துடன் ஒப்பிடும் கடைசி வாசிப்பு ஒன்றைத் தங்கள் ஆசிரியர் குழு வழக்கமாக்கலாம்.