நீ அனுப்பிய மின்னஞ்சல் வரைவைப் படித்த பிறகு

அன்பு மகளுக்கு,

மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் அசோசியேட்டாகச் சேர விரும்பி நீ எழுதிய வரைவை இரண்டு முறை படித்தேன். ஆங்கிலத்தில் பிழையில்லை. ஆனால் இது யாருக்குப் போகிறது என்பதை நீ மறந்துவிட்டாய் என்று, 31 ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊரில் ஜூனியர் வைத்திருக்கும் எவரையும் ‘சீனியர்’ என்றுதான் சொல்வோம். நீ எழுதப்போகிறவரோ 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றம் மூத்த வழக்கறிஞராக அறிவித்தவர். அவர் வக்காலத்து தாக்கல் செய்யக்கூடாது. கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கை வாங்கக்கூடாது. இன்னொரு வழக்கறிஞர் உடனில்லாமல் ஆஜராகவும் கூடாது. வேறொரு வழக்கறிஞர் வழக்குக் கட்டைக் கொண்டுவந்து கொடுப்பார், இவர் வாதாடுவார். அப்படியிருக்க, ‘வக்காலத்து போடுவேன், பிராது எழுதுவேன், கட்சிக்காரர்களைச் சந்திப்பேன்’ என்று நீ வரிசையாகச் சொல்லியிருப்பவை பெரும்பாலும் அந்த அலுவலகத்தில் நடக்காத வேலைகள். முதல் பத்தியிலேயே இதைக் கண்டதும், ஐம்பது இடங்களுக்கு அனுப்பிய ஒரே கடிதம் இது என்று நினைத்துவிடுவார்கள்.

அங்கே ஜூனியரிடம் எதிர்பார்ப்பது வேறு. மாலை ஆறு மணிக்கு வழக்கு ஆவணங்கள் அடங்கிய நானூறு பக்க டைப்டு செட் வந்து, வழக்கு மறுநாள் காலைப் பட்டியலில் இருந்தால், இரவு கான்ஃபரன்ஸுக்கு முன் இரண்டு பக்கத்தில் தேதிவாரிக் குறிப்பும், ஒவ்வொரு தேதிக்கும் எதிரே பக்க எண்ணும், நமக்கு எதிரான தீர்ப்புகளும் சீனியரின் மேசையில் இருக்க வேண்டும். எதிரான தீர்ப்பை மறைக்காமல் எடுத்து வைக்கும் ஜூனியரைத்தான் அவர்கள் விடமாட்டார்கள்.

ஆகவே ‘150 வழக்குகளைக் கையாண்டுள்ளேன்’ என்ற வரியை எடுத்துவிடு. மூன்றாண்டு ஜூனியர் 150 வழக்கு என்றால் அதில் பாதி வாய்தா வாங்கியது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதிலாகப் போன ஆண்டு நீ வேலை செய்த பாகப்பிரிவினை இரண்டாம் மேல்முறையீட்டை எழுது. சட்டம் பற்றிய கணிசமான கேள்வி இருந்தால்தான் இரண்டாம் மேல்முறையீடு நிற்கும். கீழ் மேல்முறையீட்டு நீதிமன்றம், உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 41 விதி 31 சொல்கிறபடி, தீர்மானிக்க வேண்டிய பிரச்சினைகளை வகுக்காமலே தீர்ப்பெழுதியிருந்ததை நீ கவனித்தாய் அல்லவா? அதை இப்படிச் சொல்லலாம் (நீ ஆங்கிலத்தில்தான் எழுதுவாய், கருத்தை மட்டும் தருகிறேன்):

‘ஓர் இரண்டாம் மேல்முறையீட்டில் தேதிவாரிக் குறிப்பையும் சட்டக் கேள்விகளின் முதல் வரைவையும் நான் தயாரித்தேன். விதி 31 பற்றிய கேள்வி அந்த வரைவிலிருந்து எடுக்கப்பட்டு, மேல்முறையீடு விசாரணைக்கு அனுமதிக்கப்பட்டது. வாதாடியவர் என் சீனியர்.’

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதே. யார் வாதாடினார் என்பதை அவர்கள் ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துகொள்வார்கள்.

அந்தக் குறிப்பையே மாதிரியாக இணைப்பதாக எழுதியிருக்கிறாய். சரிதான், ஆனால் நீ அனுப்பிய பிடிஎஃப்பில் பெயர்கள் மேல் கறுப்புப் பட்டை மட்டும் இருக்கிறது. அந்த வரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பார்த்தேன், கட்சிக்காரர் பெயரும் சர்வே எண்ணும் அப்படியே வந்தன. கட்சிக்காரரின் ரகசியத்தைக் காப்பது உன் தொழிற்கடமை. வேலை கேட்கும் கடிதத்திலேயே அதை மீறுகிறவரை யார் நம்பிக் கட்டைக் கொடுப்பார்கள்? மூலக் கோப்பில் வாதி, முதல் பிரதிவாதி என்று மாற்றி, வழக்கு எண்ணையும் நீக்கி, புதிதாகப் பிடிஎஃப் எடு.

உதவித்தொகை பற்றி நீ எழுதாதது நல்லது. சென்னை, மதுரை, கோவையில் இளம் வழக்கறிஞருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய் தரச் செய்ய வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலிடம் சொன்னது உண்மைதான். அதை நேரில் அழைத்தபின் கேட்டுக்கொள்.

நீ தொடாத விஷயம் ஒன்று இருக்கிறது. இப்போதைய அலுவலகத்தின் வக்காலத்துகளில் உன் பெயரும் இருக்கிறது. அவற்றில் ஏதாவது ஒன்றில் எதிர்த் தரப்புக்கு இந்த மூத்தவர் ஆஜராகிறார் என்றால், அந்தக் கட்டை நீ அங்கே தொடவே கூடாது. வழக்குகளின் பட்டியலை மின்னஞ்சலில் போடாதே. ‘என் பெயர் உள்ள வழக்குகளில் முரண்பாடு உண்டா என்பதைச் சேரும் முன் சரிபார்த்துத் தெரிவிப்பேன்’ என்ற ஒரு வாக்கியம் போதும். உன் சீனியரிடமும் அனுப்புவதற்கு முன்பே நேரில் சொல்லிவிடு. மதிய இடைவேளையில் வராந்தாவில் யாரோ சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

மின்னஞ்சலை முதலில் திறப்பது அங்குள்ள குமாஸ்தாவோ மூத்த ஜூனியரோதான். தலைப்பில் உன் பெயர், பதிவு எண், பதிவு செய்த ஆண்டு, ‘அசோசியேட்டாகச் சேர விண்ணப்பம்’ ஆகியவை இருக்கட்டும். திருத்தியதை வியாழக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. பக்க எண்களை நான் ஒருமுறை ஒத்துப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா