உப்புத்தண்ணீர் கொடுக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

தம்பலகாமத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பொடியன், சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருந்த வயல் மருந்தை ஒரு மிடறு விழுங்கிவிட்டான். அம்மம்மா பதறி உப்புத்தண்ணீர் கரைத்தார். நல்லவேளை, தடுத்துவிட்டோம். பல மருந்துகளில் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான் இருக்கிறது. வாந்தி எடுக்கவைத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். பாலும் வேண்டாம். வாயைத் துடைத்து, மருந்து பட்ட சட்டையைக் கழற்றி, உடம்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்சுக்கு அழைத்தோம். போத்தலையும் கொண்டுபோனோம், ஆனால் அதில் மருந்தின் லேபல் எங்கே!

அரை மணித்தியாலத்தில் எச்சில் வடிந்தது, வியர்த்தது, கண்ணின் கருமணி ஊசிமுனையளவாகச் சுருங்கியது. வீட்டுக்குள் இந்த மருந்தின் புகையை மூச்சில் இழுத்தவர்களுக்கும் இவை வரலாம். அவர்களை முதலில் காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுபோகவேண்டும். பொடியன் தேறியபிறகும் சில நாட்கள் வார்ட்டில் வைத்திருந்தார்கள். கழுத்தைத் தூக்கமுடியாமல் மூச்சுத் தளர்வது பிந்தியும் வருமாம்.

வாசகி,
திருகோணமலை